நாற்காலிக் காலில் துளையும் முளையும்: ஆடாத இணைப்பை அமைக்கும் முறை

நாற்காலியில் உட்கார்ந்தவர் பின்னால் சாயும்போது அவருடைய எடை நேராகத் தரைக்கு இறங்குவதில்லை. கால்கள் நெம்புகோல்களாக மாறி, காலும் இருக்கைச் சட்டமும் சேரும் இடத்தைத் திருக ஆரம்பிக்கின்றன. மேசையில் பல ஆண்டுகள் தாங்கும் இணைப்பு நாற்காலியில் சில மாதங்களிலேயே ஆட்டம் காண்பது இதனால்தான். ஆணியோ திருகாணியோ இந்தத் திருகலுக்கு ஈடுகொடுக்காது. சட்டத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, காலில் குடைந்த பள்ளத்துக்குள் செருகி ஒட்டும் மார்டைஸ்–டெனன் இணைப்புதான் தாங்கும். இங்கே பள்ளத்தைத் துளை என்றும், நாக்கை முளை என்றும் சொல்கிறேன்.

புதிதாகச் செய்பவர்கள் துளையையும் முளையையும் தனித்தனியாக அளந்து வெட்டிவிட்டு, இரண்டும் தானாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படிப் பொருந்துவது அபூர்வம். இறுக்கம் வருவது வரிசையால். முதலில் துளை. அதன் அகலத்தை உளியே தீர்மானிக்கிறது, பிறகு அதை மாற்றக் கூடாது. முளையைக் கொஞ்சம் தடிமனாக வெட்டி, அந்தத் துளைக்கு ஏற்றபடி சீவிச் சீவிக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். துளைக்குள் போய்ச் சுவரைச் சீவுவது கடினம், கோணம் கெட்டுவிடும். முளை வெளியே கண்ணுக்குத் தெரிகிற பொருள், அதைச் சரிசெய்வது எளிது.

எடுத்துக்கொள்ளும் அளவுகள்

எல்லாவற்றையும் ஒரே எடுத்துக்காட்டில் பார்ப்போம். நாற்காலியின் முன்கால் 40 மி.மீ. சதுரம். இருக்கையைத் தாங்கும் சட்டம் 60 மி.மீ. உயரம், 24 மி.மீ. தடிமன். சட்டத்தின் வெளிமுகம் காலின் வெளிமுகத்தைவிட 4 மி.மீ. உள்ளடங்கி நிற்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் சிறு பிசகும் கண்ணில் படும். உள்ளடங்கினால் நிழல் விழுந்து மறைந்துவிடும். முதல் நாற்காலிக்கு இது நல்ல ஏற்பாடு.

முளையின் தடிமன் சட்டத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 24-க்கு 8 மி.மீ. எனவே 8 மி.மீ. உளி வேண்டும். முளையின் இரு பக்கமும் 8 மி.மீ. அகலத்துக்குத் தோள் கிடைக்கும். தோள் என்பது முளையைச் சுற்றி நிற்கும் படி. அது காலின் முகத்தில் போய் அழுந்தித்தான் திருகலைத் தடுக்கிறது. முளையின் இரண்டு அகலமான பக்கங்களும் கன்னங்கள். பசை பிடிப்பது பெரும்பாலும் கன்னங்களில்தான்.

முளையின் உயரம் 40 மி.மீ. மேலே 15 மி.மீ., கீழே 5 மி.மீ. விட்டுவிடுகிறோம். மேலே அதிகம் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. முன்கால் சட்டத்தின் மேல் விளிம்போடு முடிந்துவிடுகிறது. துளை காலின் உச்சிக்கு மிக அருகில் வந்தால், மேலே மிஞ்சும் சிறு துண்டு நார் வழியே பிய்ந்துகொண்டு வெளியே வந்துவிடும். இதே காரணத்துக்காகக் காலை முதலில் 20 மி.மீ. நீளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேல்மிச்சம் துளை அடிக்கும்போது மரம் பிளக்காமல் காக்கும். எல்லாம் முடிந்த பிறகு அறுத்துவிடலாம்.

ஆழம்தான் நாற்காலிக் காலில் சிக்கலான விஷயம். முன்காலில் இரண்டு சட்டங்கள் வந்து சேர்கின்றன, ஒன்று முன்சட்டம், இன்னொன்று பக்கச் சட்டம். இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பதால் அவற்றின் துளைகள் காலுக்குள்ளே சந்திக்கும். சட்டம் 4 மி.மீ. உள்ளடங்கியிருக்கிறது, அதற்கு மேல் 8 மி.மீ. தோள். ஆக ஒவ்வொரு துளையும் வெளிமுகத்திலிருந்து 12 மி.மீ.-இல் தொடங்கி 20 மி.மீ.-இல் முடிகிறது. உள்பக்கத்திலிருந்து வரும் முளை 20 மி.மீ. தூரம் போனதும் அடுத்த துளையின் வாசலைத் தொட்டுவிடும். அங்கேயே நிறுத்தினால் ஒட்டும் பரப்பு குறைவு. அதற்குப் பதில் துளையை 28 மி.மீ. ஆழம் குடைந்து, முளைகளின் நுனியை 45 பாகைக்குச் சாய்த்து வெட்டினால், இரண்டும் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். முளையின் நீளம் 27 மி.மீ., அடியில் 1 மி.மீ. பசைக்கு இடம்.

மரத்தைப் பற்றி ஒரு சொல். காலும் சட்டமும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். குறிப்பாகச் சட்டம் ஈரமாக இருக்கக் கூடாது. இன்று இறுக்கமாகப் பொருந்திய ஈரமான முளை, காய்ந்து சுருங்கும்போது துளைக்குள் தளர்ந்துவிடும். எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் அதைத் தடுக்க முடியாது.

குறியிடுதல்

ஒவ்வொரு காலிலும் வெளியே தெரியப்போகும் இரண்டு முகங்களைத் தேர்ந்தெடுத்துப் பென்சிலால் சுழி போட்டு வையுங்கள். சட்டத்தின் வெளிமுகத்திலும் அப்படியே. இனிமேல் எல்லா அளவும் இந்தச் சுழி போட்ட முகங்களிலிருந்துதான். உள்முகத்திலிருந்து ஒருமுறை அளந்தாலும், மரத்தின் தடிமனில் இருக்கும் அரை மில்லிமீட்டர் வேறுபாடு இணைப்பில் வந்து நிற்கும்.

நான்கு கால்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, துளையின் மேல் கோட்டையும் கீழ் கோட்டையும் மூலைமட்டம் வைத்து ஒரே இழுப்பில் வரையுங்கள். உச்சியாக வரப்போகும் கோட்டிலிருந்து 15 மி.மீ. கீழே ஒரு கோடு, 55 மி.மீ. கீழே இன்னொரு கோடு. ஒவ்வொன்றாக அளந்து வரைந்தால் நான்கு கால்களிலும் நான்கு உயரம் வரும், இருக்கை சாயும்.

துளையின் அகலத்தைக் குறிக்க, மரத்தில் இரண்டு இணைகோடுகளை ஒரே இழுப்பில் கீறும் இரட்டை முள் உள்ள மார்டைஸ் கேஜ் நல்லது. முட்களின் இடைவெளியை அளவுகோலை வைத்து அமைக்காதீர்கள். உளியின் வாய் இரண்டு முட்களுக்கும் நடுவே சரியாக உட்காரும்படி அமையுங்கள். 8 மி.மீ. என்று பொறித்த உளி உண்மையில் அதைவிட ஒரு நூலிழை கூடவோ குறையவோ இருக்கலாம். எத்தனை இருந்தாலும் அதுதான் நம் துளை. பிறகு மரத்தின் முகத்தில் உரசி நகரும் கேஜின் கட்டையை முதல் முள்ளிலிருந்து 12 மி.மீ. தள்ளி இறுக்கி, சுழி போட்ட முகத்தில் கட்டையை அழுத்தி, காலில் இரட்டைக் கோடு கீறுங்கள்.

எல்லாக் கால்களும் முடிந்ததும், முட்களைத் தொடாமல் கட்டையை மட்டும் 8 மி.மீ.-க்குக் கொண்டுவாருங்கள். அதே கேஜால் சட்டத்தின் முனையிலும் இரு ஓரங்களிலும் முளையின் தடிமனைக் கீறுங்கள். இரண்டு இடத்திலும் முட்களின் இடைவெளி ஒன்றே என்பதால் துளைக்கும் முளைக்கும் ஒரே தடிமன். 12-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 4 மி.மீ. உள்ளடக்கம்.

தோள்கோட்டைப் பென்சிலால் அல்ல, கூர்மையான கத்தியால் போட வேண்டும். எதிரெதிர் சட்டங்களைச் சேர்த்துப் பிடித்து, தோளுக்குத் தோள் உள்ள தூரத்தை ஒன்றாகக் குறியுங்கள். அந்தத் தூரம் 360 மி.மீ. என்றால் இருபுறமும் 27 மி.மீ. முளை சேர்த்துச் சட்டத்தின் மொத்த நீளம் 414 மி.மீ. முளையின் நீளத்தில் 1 மி.மீ. குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. தோளுக்குத் தோள் தூரம் இரண்டு பக்கச் சட்டங்களிலும் ஒன்றாக இல்லாவிட்டால் நாற்காலி கோணலாகும்.

துளை அடித்தல்

காலை மேசையோடு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள், முடிந்தால் மேசைக் காலுக்கு நேர் மேலே. அங்கேதான் அடி வீணாகாமல் மரத்துக்குள் இறங்கும். நீங்கள் நிற்க வேண்டியது காலின் பக்கவாட்டில் அல்ல, அதன் முனைக்கு நேரே. அப்படி நின்றால்தான் உளி இடமோ வலமோ சாய்வது கண்ணுக்குத் தெரியும். முன்பின் சாய்வு அவ்வளவு கெடுதல் செய்யாது. பக்கவாட்டுச் சாய்வு துளையை முறுக்கிவிடும்.

உளியில் வாயிலிருந்து 28 மி.மீ. தூரத்தில் ஒரு நாடாவைச் சுற்றுங்கள், ஆழம் அதில் தெரியும். துளையின் நடுவில் தொடங்குங்கள். உளியைக் குறுக்காக, அதாவது வாய் நார்களை வெட்டும்படி, இரு கோடுகளுக்கும் நடுவே நிறுத்திக் கொட்டாப்புளியால் ஓர் அடி. இரண்டு, மூன்று மி.மீ. நகர்ந்து அடுத்த அடி. உளியின் சாய்ந்த முகம் ஏற்கெனவே குடைந்த பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கட்டும், தட்டையான முதுகு நீங்கள் போகும் முனையைப் பார்க்கட்டும். ஒவ்வொரு அடிக்கும் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும். முனைக்கு 2 மி.மீ. முன்பாக நிறுத்துங்கள். உளியைத் திருப்பிப் பிடித்து எதிர்முனைக்குப் போங்கள். சில்லுகளை நெம்பி வெளியே எடுத்து, மறுபடியும் அதே சுற்று.

முனைகளில் அந்த 2 மி.மீ. எதற்கு? சில்லை நெம்பும்போது உளியின் முதுகு துளையின் விளிம்பில் அழுந்தி அதை நசுக்கும். நசுங்கிய பகுதி பிறகு வெட்டியெறியப்படும் பகுதியாக இருந்தால் கவலையில்லை. முழு ஆழமும் வந்ததும் கடைசியாக உளியைக் கோட்டின் மேல் நேராக நிறுத்தி, முனைகளைச் செங்குத்தாக இறக்கி முடியுங்கள்.

உளியால் முழுவதும் அடிக்கக் கை வராது என்று தோன்றினால் டிரில்லால் கழிவை எடுக்கலாம், தவறில்லை. ஆனால் 8 மி.மீ. பிட் போடாதீர்கள். கொஞ்சம் நழுவினாலும் சுவரைத் தின்றுவிடும். 7 மி.மீ. பிட்டால் வரிசையாகத் துளைத்து, சுவர்களை அகலமான உளியால் கேஜ் கோடு வரை சீவுங்கள். இந்த வழியில் சுவர்கள் இணையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது கூடுதல் பொறுப்பு. உளியை மட்டும் நம்பி அடித்த துளையில் அது பெரும்பாலும் தானாக அமைந்துவிடும்.

முதல் துளை முடிந்து இரண்டாவதை அடிக்கும்போது, அது முதல் துளைக்குள் உடைத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் உள்சுவரின் நார் பெயரும். அதைத் தடுக்க முதல் துளைக்குள் சரியாக அடையும் ஒரு கழிவு மரத்துண்டைச் செருகிவிட்டு இரண்டாவதை அடியுங்கள். முடிந்ததும் துண்டை எடுத்துவிடலாம்.

துளை நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துளைக்குள் சரியாக நுழையும் 8 மி.மீ. தடிமனுள்ள பட்டை ஒன்றைச் சீவிக்கொள்ளுங்கள், நீளம் 30 செ.மீ. இருக்கட்டும். அதைத் துளையில் செருகினால் சட்டம் எந்தத் திசையில் போகப்போகிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். காலின் வெளிமுகத்தில் நேர்க்கட்டை ஒன்றை அழுத்தி வைத்து, அதற்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். காலுக்கு அருகிலும் 12 மி.மீ., பட்டையின் மறுமுனையிலும் 12 மி.மீ. என்றால் துளை நேர். மறுமுனையில் ஒன்றிரண்டு மி.மீ. மாறினால் சுவரைத் தொடாதீர்கள். அந்தப் பிசகை முளையின் கன்னத்தில் சரிக்கட்டலாம். எந்தப் பக்கம், எவ்வளவு என்று காலின் மேல்மிச்சத்தில் எழுதிவையுங்கள்.

முளை அறுத்தல்

முளைக்கு முதலில் கன்னங்களை அறுத்து, பிறகு தோள்களை அறுக்க வேண்டும். முதலில் தோளை அறுத்தால் ரம்பம் ஆழமாகப் போய் முளையின் அடியையே வெட்டிவிடும் அபாயம் அதிகம். நாற்காலி உடைவது பெரும்பாலும் அந்த வெட்டுக்காயத்திலிருந்துதான்.

சட்டத்தை வைஸில் உங்களிடமிருந்து சாய்வாக நிறுத்துங்கள். முனையிலும் உங்கள் பக்கத்து ஓரத்திலும் உள்ள இரு கோடுகளும் ஒரே நேரத்தில் தெரியும். ரம்பத்தை மூலையில் தொடங்கி, கோட்டின் கழிவுப் பக்கத்தில், கோட்டில் பாதியாவது மிஞ்சும்படி அறுங்கள். சாய்வான வெட்டு தோள்கோட்டைத் தொட்டதும், சட்டத்தைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து அதேபோல. பிறகு சட்டத்தை நேராக நிறுத்தி, நடுவில் மிஞ்சிய முக்கோணத்தை அறுத்துவிடலாம். ரம்பம் தான் வெட்டிய இரண்டு தடங்களையும் பிடித்துக்கொண்டு இறங்கும். முளை துளையைவிட 0.2 அல்லது 0.3 மி.மீ. தடிமனாக வந்தால் சரியான அளவு. அதற்கு மேல் என்றால் சீவும் வேலை நீளும், கன்னம் தட்டையாக இருப்பதும் கெடும்.

தோளுக்கு, கத்திக்கோட்டின் கழிவுப் பக்கத்தில் உளியால் ஒரு சிறு சாய்வுப் பள்ளம் எடுங்கள். ரம்பம் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும், வழுக்காது, வெளி விளிம்பும் கத்தி வெட்டிய கூர்மையோடு இருக்கும். கன்னத்தின் வெட்டை அடைந்ததும் நிறுத்துங்கள். ஒரு நார் மிஞ்சினால் உளியால் எடுக்கலாம், அறுத்துத் தீர்க்கப் பார்க்க வேண்டாம்.

மேலே 15 மி.மீ., கீழே 5 மி.மீ. கழிவையும் அறுத்து முளையை 40 மி.மீ. உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த அளவில் மட்டும் கொஞ்சம் தளர்வு இருக்கலாம், அரை மி.மீ. குறைவாகவே வெட்டுங்கள். துளையின் மேல்கீழ் முனைகள் நார்களின் வெட்டுமுகம், அங்கே பசை சரியாகப் பிடிக்காது. அதை இறுக்கினால் பலனில்லை, உச்சியில் இருக்கும் 15 மி.மீ. மரத்தைத் தள்ளிப் பெயர்க்கத்தான் செய்யும். முளையின் தடிமனில்தான் இறுக்கம் வேண்டும்.

பொருத்திப் பார்த்தல்

இந்தக் கட்டத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். முளையின் நுனியில் நான்கு விளிம்புகளையும் 1 மி.மீ. அளவுக்குச் சரித்துவிடுங்கள். கூர்மையான விளிம்பு துளையின் சுவரைச் சுரண்டிக்கொண்டு போகும். பிறகு முளையின் ஒரு மூலையை மட்டும் துளையின் வாயில் சாய்த்து வைத்துப் பாருங்கள். அந்த மூலைகூட நுழையவில்லை என்றால் இன்னும் சீவ வேண்டும். சுத்தியலைத் தேட வேண்டாம்.

இரண்டு கன்னங்களிலும் மென்மையான பென்சிலால் கிறுக்குங்கள். முளையைக் கையால் அழுத்தி, போகிற மட்டும் போகவிட்டு, நேராக வெளியே இழுங்கள். எங்கே பென்சில் தேய்ந்து மினுங்குகிறதோ அங்கேதான் மரம் முட்டுகிறது. அந்த இடத்தை மட்டும் அகலமான, நன்றாகத் தீட்டிய உளியால் நாருக்குக் குறுக்காகச் சீவுங்கள். தோள் இழைப்புளி இருந்தால் இன்னும் வசதி. உப்புத்தாள் வேண்டாம். அது ஓரங்களை உருட்டிவிடும், நடு மட்டும் துளையில் பிடிக்கும், பசை விழும் பரப்பு பாதியாகும்.

முளை எப்படிப் போகிறது என்பதிலேயே குறை தெரிந்துவிடும். பாதி வரை சுலபமாகப் போய் அப்புறம் நின்றுவிட்டால், அடிப்பகுதி தடிமனாக இருக்கிறது, அதாவது ரம்பம் கீழே போகப் போக வெளியே விலகியிருக்கிறது. தொடக்கத்தில் இறுக்கமாக இருந்து பிறகு லொடலொடவென்று போனால் நுனி தடிமன், அடி மெலிவு. இது மோசமான வகை, வெளியே பார்க்கப் பொருந்தியது போலவே தோன்றும். நேர்க்கட்டையைக் கன்னத்தின் மேல் வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் மேடும் பள்ளமும் தெரியும். காலிப்பர் இருந்தால் அடியிலும் நுனியிலும் தடிமனை அளந்துவிடுங்கள்.

எவ்வளவு இறுக்கம் போதும்? பாதி வரை கையழுத்தத்தில் போக வேண்டும். மீதியைக் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டினால் போக வேண்டும். பசை இல்லாமல் செருகிய பிறகு, சட்டத்தைப் பிடித்துத் தூக்கினால் கால் கீழே விழாமல் தொங்க வேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் அது ஆப்பு. காலின் சுவரை நாரோடு பிளந்துவிடும், இல்லாவிட்டால் பசையை வழித்து வெளியே தள்ளிவிட்டு வெறும் மரமாக நிற்கும். இன்னொன்று, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை பட்டதும் முளை கொஞ்சம் ஊறிப் பெருக்கும். உலர்வாக இருக்கும்போதே கடைசிச் சுற்று இறுக்கம் வைத்துவிட்டால், பசை போட்ட பிறகு பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

அதிகம் சீவிவிட்டீர்களா? பசையை நிறையப் போட்டு நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். வெள்ளைப் பசை தடிமனான இடைவெளியை நிரப்பினால் வலு இருக்காது. அதே மரத்தில் இழைப்புளியால் எடுத்த மெல்லிய சீவலையோ வெனீர் துண்டையோ கன்னத்தில், நார் ஒரே திசையில் ஓடும்படி ஒட்டி, காய்ந்ததும் மீண்டும் பொருத்தத் தொடங்குங்கள். ஒழுங்காகச் செய்தால் இது தாழ்ந்த வேலை அல்ல, ஒட்டிய இடம் வெளியே தெரியவும் தெரியாது.

துளை சாய்ந்திருப்பதாக மேல்மிச்சத்தில் எழுதிவைத்தோமே, அதைச் சரிக்கட்டும் இடமும் இதுதான். ஒரு கன்னத்தின் நுனியிலும் எதிர்க்கன்னத்தின் அடியிலும் சீவி முளையைக் கொஞ்சம் திருப்பினால் சட்டம் நேராகும். அப்படித் திருப்பும்போது முளை மெலியும் என்பதால் மேலே சொன்ன சீவலை ஒட்டிக்கொண்டு தொடங்குவது பாதுகாப்பு.

தோள் மூடாவிட்டால்

முளை நன்றாக இறங்கியும் தோளுக்கும் காலுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி என்றால் முளை அடியில் முட்டுகிறது. துளையில் சில்லு கிடக்கிறதா, ஆழம் எல்லா இடத்திலும் 28 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். துளையின் நடு பெரும்பாலும் ஆழமாகவும் முனைகள் மேடாகவும் இருக்கும். முனைகளில் அளக்காமல் நடுவில் மட்டும் அளப்பவர்களுக்கு இது பிடிபடாது. ஆழம் சரி என்றால், முளையும் தோளும் சேரும் மூலையில் அறுபடாமல் நிற்கும் நார்தான் காரணம். உளி முனையால் அந்த மூலையைச் சுத்தம் செய்யுங்கள். துளையின் வாயில் உளி நெம்பியதால் எழும்பிய மேடு இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

இடைவெளி ஒரு பக்கம் மட்டும் என்றால், எதிர்ப்பக்கத்துத் தோள் உயர்ந்திருக்கிறது அல்லது துளை சாய்ந்திருக்கிறது. 30 செ.மீ. பட்டை துளையை நேர் என்று சொல்லியிருந்தால் குற்றம் தோளில்தான். தோளின் வெளிவிளிம்பில் 2, 3 மி.மீ. அப்படியே விட்டுவிட்டு, முளையை ஒட்டிய உள்பகுதியை உளியால் இம்மியளவு பள்ளமாக்குங்கள். அப்போது விளிம்பு மட்டும் காலைத் தொடும், கோடு மூடிக்கொள்ளும். அந்தப் பள்ளத்தை அதிகமாக்கினால் தோள் தாங்கும் பரப்பு போய்விடும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்று இடைவெளியில் நுழையாத நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள். கிளாம்ப் போட்டு இறுக்கினால் மூடிவிடும் என்று விடுவது சரியல்ல. கிளாம்பை எடுத்த பிறகும் அந்த அழுத்தத்தைப் பசை மட்டும் தாங்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

இரண்டு சட்டங்களும் தனித்தனியாகப் பொருந்திய பிறகுதான் நுனிகளை 45 பாகைக்கு வெட்ட வேண்டும். நாற்காலியின் உள்பக்கத்தைப் பார்க்கும் கன்னம் 19 மி.மீ., வெளிப்பக்கக் கன்னம் 27 மி.மீ. என்று வரும். இந்தத் திசையை மாற்றி வெட்டிவிட்டால் முளை வீண், ஆகவே அறுக்கும் முன் இரண்டு சட்டங்களையும் காலருகே வைத்துப் பென்சிலால் சாய்வைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். நுனிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. உள்ளே மெல்லிய இடைவெளி இருப்பது நல்லது. யாரும் பார்க்கப்போவதில்லை.

பசையிட்டு இறுக்குதல்

பசை போடும் முன் முழு நாற்காலியையும் உலர்வாகக் கோத்துப் பாருங்கள், கிளாம்புகளோடு. இருக்கைச் சட்டகத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் ஒரே நீளம் வர வேண்டும். எந்த முளை எந்தத் துளைக்கு என்று எண்ணும் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு முளையும் அதன் துளைக்காகவே சீவப்பட்டது, இடம் மாறினால் பொருந்தாது.

ஒரே நேரத்தில் எட்டு இணைப்பையும் ஒட்ட முயலாதீர்கள். முன்கால்கள் இரண்டையும் முன்சட்டத்தோடு ஒரு சட்டகமாக, பின்கால்களைப் பின்சட்டத்தோடு இன்னொன்றாக முதலில் ஒட்டுங்கள். பசை காய்ந்த பிறகு பக்கச் சட்டங்களால் இரண்டையும் இணைக்கலாம். முதல் சட்டகத்தை ஒட்டும்போது, பிதுங்கும் பசை அடுத்த துளைக்குள் இறங்கி உறைந்துவிடும். சிறு குச்சியால் அதை உடனே வழித்துவிடுங்கள், மறுநாள் உளியால் கொத்தி எடுப்பது எரிச்சலான வேலை.

பசையைத் துளையின் இரு சுவர்களிலும் மெல்லிய குச்சியால் பூசுங்கள், கன்னங்களில் ஒரு மெல்லிய பூச்சு. துளையின் அடியில் குட்டை கட்டும்படி ஊற்றினால், இறுக்கமான முளை உள்ளே போகும்போது பசை வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறும். முளை கடைசி ஒரு மி.மீ. போகாமல் நிற்கும், அல்லது கால் பிளக்கும். கிளாம்பின் தலை சட்டத்தின் நடுக்கோட்டுக்கு நேரே இருக்கட்டும். மேலோ கீழோ ஒதுங்கினால் கால் முறுக்கிக்கொண்டு தோள் ஒரு பக்கம் திறக்கும். நல்ல இணைப்புக்குக் கிளாம்ப் மிதமாக இறுக்கினாலே போதும். தோள் முழுக்க மூடி, சுற்றிலும் மணி மணியாகப் பசை வெளிவந்ததும் நிறுத்துங்கள்.

மூலைவிட்டங்களை உடனே ஒருமுறை அளந்துவிடுங்கள். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் திசையில் கிளாம்பைச் சற்றுச் சாய்த்து இறுக்கினால் சட்டகம் நேராகும். பசை பிடிக்கும் முன் சில நிமிடங்களே அதற்கு வாய்ப்பு. பிதுங்கிய பசை பாதி இறுகி ரப்பர் போல ஆனதும் உளியால் சுரண்டினால் சுத்தமாக வரும். ஈரத்துணியால் தேய்த்தால் மரத்தின் நுண்துளைகளுக்குள் போய், பிறகு மெருகு ஏற்றும்போது திட்டுத் திட்டாகத் தெரியும். கிளாம்பை எப்போது எடுக்கலாம் என்று பசை டப்பாவில் எழுதியிருக்கும். ஆனால் ஒரு நாள் முழுவதும் கழியும் முன் அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடாதீர்கள். காலின் மேல்மிச்சத்தையும் அதற்குப் பிறகுதான் அறுக்க வேண்டும்.